நான்காவது இடத்தில் ஆறாவது படம்

அப்பாவுக்கு மறதி வந்துவிட்டது என்று வீட்டில் முடிவு கட்டி பத்து நாள் ஆகியிருந்தது. முடிவு கட்டியவர்கள் மூன்று பேர். அம்மா, வேறு ஊரில் வேலை பார்க்கும் அண்ணன், அப்புறம் சின்னது. முப்பத்திரண்டு வயதாகி, ஒரு கம்பெனியில் வலைப்பக்கம் கட்டும் வேலையில் ஒன்பது வருஷம் குப்பை கொட்டியும், வீட்டில் அவளுக்குப் பெயர் இன்னும் சின்னதுதான். அண்ணன் பெரியவன். அவளைக் கூப்பிட வேறு பெயர் தேட யாருக்கும் தோன்றவில்லை, அவளும் கேட்கவில்லை.

அப்பா பத்திரிகையில் படம் எடுத்தவர். முப்பது வருஷம் கழுத்தில் கேமரா தொங்கிய மனுஷன். ஓய்வு பெற்ற மறுவருஷமே கண்ணில் நரம்பு கெட்டு, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து, இப்போது வெளிச்சம் தெரியும், ஜன்னல் எந்தப் பக்கம் என்று தெரியும், அவ்வளவுதான். அதைப் பற்றி அவர் புலம்பிக் கேட்டதில்லை. "பார்க்க வேண்டியதைப் பார்த்தாச்சு" என்று சொல்லிவிட்டு ரேடியோ பக்கம் திரும்பிக்கொள்வார். பேசும் போனை வாங்கிக் கொடுத்தபோது மட்டும் கோபப்பட்டார். முகம் தெரியாத பெண் ஒருத்தி தன் காதில் நாளெல்லாம் வாய் ஓயாமல் பேசுவதை அவரால் தாங்க முடியாதாம். அம்மா அதைக் கேட்டு, தான் பேசுவதை மட்டும் நாற்பது வருஷம் எப்படித் தாங்கினாராம் என்று கேட்டாள்.

அப்படிப்பட்டவருக்குப் படக்கலை சொல்லிக்கொடுக்கும் ஒரு பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. ஆற்றின் குறுக்கே பாலம் கட்டின ஆறு வருஷத்திலும் அதற்குப் பிறகும் அவர் எடுத்த முப்பத்தொரு படங்களைப் பெரிய திரையில் காட்டுவார்கள், அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் பேச வேண்டும். படம் அவர் கண்ணுக்குத் தெரியாது. வரிசை மனசில் இருந்தால் போதும். முதல் படம், இரண்டாம் படம் என்று அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகலாம். அதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததைச் சின்னது பார்த்தாள். படங்களைக் காட்டும் வலைப்பக்கத்தை நானே கட்டித் தருகிறேன் என்று அன்றைக்கே வாயைக் கொடுத்தாள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அப்பா வரிசையைச் சொல்ல, அவள் அப்படியே ஒரு கோப்பில் தட்டிக்கொண்டாள். முதலில் கரையில் குடையோடு காத்திருக்கும் பெண். அடுத்து கயிற்றைப் பிடித்த படகோட்டியின் கை. மூன்றாவது, படகில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நான்கு, ஆறு முழுக்க அகலமாக, நடுவில் நிறைந்த படகு. ஐந்து, கரையை அளக்க வந்தவர்கள். ஆறு, அளக்கிறவர்களுக்கு டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அதே படகோட்டி. தன் பிழைப்பில் மண் விழப்போகிறது என்று தெரியாமல் உதவி செய்கிறான், அந்தப் படம்தான் உயிர் என்பார் அப்பா. ஏழு, தண்ணீரில் முதல் தூண். எட்டு, திறப்பு விழா அன்று முழுப் பாலமும் கூட்டமும். ஒன்பது காலிப் படகு, பத்து கவிழ்த்துப்போட்ட படகு, பதினொன்று பாலத்தின் மேல் தனியாக நடந்து போகும் படகோட்டி. அப்புறம் அவனுடைய மிச்ச வாழ்க்கை.

இரண்டு கட்டளையும் போட்டார். படத்தின் ஓரத்தை வெட்டக் கூடாது. படத்தின் மேல் எண் போடக் கூடாது. எண் போட்டால் ஜனங்கள் எண்ணைப் பார்ப்பார்களே ஒழியப் படத்தைப் பார்க்க மாட்டார்களாம்.

சின்னது உண்மையில் படம் வருவதற்கு முன்பே பக்கத்தின் கூட்டைக் கட்டி வைத்திருந்தாள். படங்களை ஸ்கேன் செய்து வாங்க ஒரு வாரம் ஆனது, அதுவரை சாம்பல் நிறப் பெட்டிகளை வைத்துக் கட்டினாள். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். பக்கத்தை மேலிருந்து கீழாக நான்கு பத்தியாகப் பிரித்தாள். பத்திகளுக்கு நடுவிலுள்ள கோடுகளை எண்ணால் சொல்லலாம், பெயர் வைத்தும் சொல்லலாம். அவள் ஓரக்கோட்டுக்கு 'இடது' என்றும், இரண்டு பத்தி தாண்டி வரும் கோட்டுக்கு 'நடு' என்றும், கடைசிக் கோட்டுக்கு 'வலது' என்றும் தமிழிலேயே பெயர் வைத்தாள். சின்னப் படத்துக்கு ஒரு பத்தி. அகலப் படம் இரண்டு பத்தியைப் பிடித்துக்கொள்ளும். முழுப் பாலம் மட்டும் இடதிலிருந்து வலது வரை, நான்கு பத்தியும் அதற்கே.

இப்படிக் கோணல்மாணலாகப் படம் வந்தால் நடுநடுவே ஓட்டை விழும். மூன்று சின்னப் படம் போட்டபின் ஒரு பத்திதான் மிச்சம் இருக்கிறது, அடுத்து வருவது இரண்டு பத்திப் படம், அது எப்படி அங்கே நுழையும். கீழ்வரிசைக்குப் போய்விடும். விட்டுப்போன இடம் பொக்கை வாய் மாதிரி இளித்துக்கொண்டு நிற்கும். பக்கத்தைத் திறந்து காட்டும் உலாவியை அதன் இஷ்டத்துக்கு விட்டால் முன்னால் போய்க்கொண்டே இருக்குமே தவிர, தாண்டிவந்த இடத்தைத் திரும்பிப் பார்க்காது. அதற்கு ஒரு மருந்து இருக்கிறது. டென்ஸ் என்று ஒரே ஒரு வார்த்தை சேர்த்தால் போதும். ஒவ்வொரு படத்தை வைக்கும்போதும் உலாவி மறுபடி உச்சியிலிருந்து தேடி, எங்கே பொருந்துகிற ஓட்டை இருக்கிறதோ அங்கே கொண்டுபோய் அடைத்துவிடும். சின்னது அந்த வார்த்தையைச் சேர்த்தாள். சாம்பல் பெட்டிகள் சுவர் எழுப்பின மாதிரி இடைவெளியில்லாமல் உட்கார்ந்தன. பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. எல்லாப் பெட்டியும் ஒரே சாம்பல், எது எங்கே தாவியது என்று எவருக்குத் தெரியும்? அடுத்த வாரம் படங்கள் வந்ததும் பெட்டிகளுக்குள் படத்தைப் போட்டாள், பக்கம் ஜோராக இருந்தது, ஆபீஸில் வேறு வேலை தலைக்கு மேல் கிடந்தது, மறந்துபோனாள்.

ஒத்திகை தொடங்கியது அதற்குப் பிறகுதான். அப்பா சாய்வு நாற்காலியில், அம்மா மடிக்கணினியோடு எதிரில். அவர் சொல்லச் சொல்ல அம்மா திரையில் சரிபார்ப்பாள். முதல் நாளே தகராறு. மூன்று படம் சரியாகச் சொன்னார். நாலாவது, ஆறு முழுக்க அகலமாக என்றார். இல்லையே, டேப்பைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் நிற்கிறானே என்றாள் அம்மா. அது ஆறாவது என்றார். இங்கே நாலாவதாகத்தான் இருக்கிறது என்றாள். ஏழாவது மறுபடி சரியாக வந்தது. எட்டாவது பாலம் என்றார், அம்மா காலிப் படகு என்றாள். கொஞ்சம் சரி, கொஞ்சம் தப்பு, மறுபடி சரி. மறதி அப்படித்தான் ஆரம்பிக்குமாம், பெரியவன் போனில் சொன்னான். அவனுக்குத் தெரிந்த ஒருவரின் மாமனாருக்கும் இப்படித்தானாம். நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கச் சொன்னான். அதைவிட முக்கியம், பள்ளிக்காரர்களிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லி நிறுத்திவிடச் சொன்னான். நாலு பேர் முன்னால் நின்று தடுமாறினால் மனுஷன் அதோடு ஒடிந்துபோவார் என்றான். அவன் சொன்னதில் பாசம்தான் இருந்தது, அதுதான் சங்கடம்.

ஒரு நாள் சாயங்காலம் சின்னதும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாலாவது ஆறுதான், நான் உனக்கு அப்படித்தானே சொன்னேன் என்று அப்பா அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவள் திரையைப் பார்த்தாள். டேப்போடு படகோட்டி நின்றுகொண்டிருந்தான்.

"பரவாயில்லப்பா," என்றாள். "முப்பத்தொரு படம். யாருக்கா இருந்தாலும் கொழம்பும்."

அவர் கையால் தடவி ரேடியோவை எடுத்துக்கொண்டார். பட்டியல் இருந்த கோப்பைத் திறந்து பார்த்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. அவள் திறக்கவில்லை. தான் கட்டின பக்கத்தின் மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கை, பெற்ற அப்பன் பேச்சின் மேல் இல்லாமல் போய்விட்டது, வேறென்ன சொல்ல.

நிகழ்ச்சி சனிக்கிழமை. புதன்கிழமை மத்தியானம், எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடு என்று பக்கத்தை ஆபீஸில் சல்லடைக்கு அனுப்பினாள். சல்லடை என்பது பிழை பார்க்கும் வேலையிலிருக்கும் பெண்ணுக்கு எல்லாரும் வைத்த பெயர். எதுவும் அவளிடம் தப்பாது, அதனாலேயே அவளோடு சேர்ந்து டீ குடிக்க ஆள் குறைவு. அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பக்கம் வந்தாலும் முதலில் மௌஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கீபோர்டில் ஒன்றிலிருந்து அடுத்ததுக்கு நகர்த்தும் டேப் விசையை மட்டும் தட்டித் தட்டிப் போய்ப் பார்ப்பாள். கை சரியில்லாதவர்கள், கண் தெரியாதவர்கள் எல்லாம் அப்படித்தான் போவார்கள், அவர்களுக்கு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா என்பாள். படத்தைத் தட்டினால் பெரிதாகத் திறக்கும் என்பதால், விசையைத் தட்டத் தட்ட ஒவ்வொரு படத்தைச் சுற்றியும் ஒரு நீலச் சட்டம் விழுந்துகொண்டே போக வேண்டும்.

பத்து நிமிஷத்தில் சல்லடை அவளைக் கூப்பிட்டாள். சட்டம் ஒன்று, இரண்டு, மூன்று என்று முதல் வரிசையில் நடந்தது. நாலாவது தட்டுக்குப் பக்கத்துப் படத்துக்குப் போகாமல் கீழ்வரிசைக்கு இறங்கியது. அங்கே இரண்டு படம். அடுத்த தட்டுக்கு மறுபடி மேலே ஏறி முதல் வரிசையின் கடைசியில் உட்கார்ந்தது. அதற்கப்புறம் மூன்றாம் வரிசையின் முதல் படம், அங்கிருந்து ஒரே குதியாகக் கீழே முழுப் பாலத்துக்கு, திரும்ப மேலே காலிப் படகுக்கு.

"என்னடி இது, குரங்கு மாதிரி தாவுது," என்றாள் சல்லடை. "டென்ஸ் போட்டிருக்கியா?"

சின்னது திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எழுதின வரிசை ஒன்று, தெரிகிற வரிசை வேறொன்று. டென்ஸ் கோப்பில் எதையும் மாற்றாது, கண்ணுக்குத் தெரியும் இடத்தை மட்டும் மாற்றும். விசை கோப்பின் வரிசையில் போகும், கண் திரையின் வரிசையில் போகும். முதல் வரிசையில் விழுந்த ஒரு பத்தி ஓட்டையை அடைக்க, உலாவி ஆறாவது படத்தைத் தூக்கி நாலாவது இடத்தில் வைத்திருக்கிறது. தூணுக்குப் பக்கத்தில் விழுந்த ஓட்டையை அடைக்க, பாலத்துக்குப் பிறகு வர வேண்டிய மூன்று படத்தைப் பாலத்துக்கு மேலே ஏற்றியிருக்கிறது. நீலச் சட்டம் போன வரிசை, அட்சரம் பிசகாமல் அப்பா சொன்ன வரிசை.

ஒன்பது வருஷ அனுபவம். இந்த வார்த்தை வரிசையைக் குலைக்கும் என்று புதிதாக வந்தவர்களுக்கு அவளே பாடம் எடுத்திருக்கிறாள். சல்லடை என்ன என்று கேட்டாள். அப்பாவைப் பைத்தியக்காரன் ஆக்கிட்டேன் என்று மட்டும் சொன்னாள். சல்லடை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, மீதியைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

வார்த்தையை அழித்தாள். படங்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பின, ஓட்டைகளும் வாயைத் திறந்துகொண்டன. இரண்டு பேருமாக உட்கார்ந்து சரிசெய்தார்கள். குடையோடு நிற்கும் பெண்ணின் படம் எடுத்ததே அகலமாகத்தான், அதை ஒரு பத்திக்குள் சுருக்கி வைத்திருந்தாள். அதற்கு இரண்டு பத்தி கொடுத்ததும் முதல் வரிசையில் மூன்றே படம், நான்கு பத்தியும் நிறைந்தது, ஓட்டை போயிற்று, வரிசையும் குலையவில்லை. இரண்டாம் வரிசையில் ஆறும் அளக்கிறவர்களும் ஆளுக்கு இரண்டு பத்தி. மூன்றாம் வரிசைதான் மசியவில்லை. டேப்போடு படகோட்டி, பக்கத்தில் தூண், இரண்டும் நெட்டுப் படம். அகலமாக்கினால் தலையோ காலோ வெட்டுப்படும். அடுத்து வருவது முழுப் பாலம், அதற்கு இடதிலிருந்து வலது வரை வேண்டும். ஆக நடுக் கோட்டிலிருந்து வலதுக் கோடு வரை வெறும் இடம். அதை அப்படியே விட்டுவிட்டு, அனுமதி கேட்டுக் கிளம்பினாள்.

நாலு மணிக்கு வீட்டில் நுழைந்தபோது அப்பா அவள் செருப்புச் சத்தத்தை வைத்தே கூப்பிட்டார். குரலில் ஒரு துள்ளல். உட்காரு, உனக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்றார். அவளும் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அவர் விடவில்லை. முதலில் நான் என்று கையைக் காட்டிவிட்டுத் தொடங்கினார்.

குடையோடு பெண். கயிறும் கையும். பிள்ளைகள். நாலாவது, டேப்பைப் பிடித்துக்கொண்டு படகோட்டி. ஐந்தாவது ஆறு. ஆறாவது அளக்கிறவர்கள். தூண். காலிப் படகு. கவிழ்ந்த படகு. தனியாக நடக்கிறவன். அப்புறம் பாலம்.

ஒரு தடங்கல் இல்லை. பத்து நாளாகத் தினமும் மத்தியானம் அம்மாவைத் திரையைப் பார்த்துப் படிக்கச் சொல்லி, திரும்பத் திரும்பக் கேட்டு, நெட்டுருப் போட்டிருக்கிறார். அம்மா சமையலறை வாசலில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

"இப்ப சரியா வருது பாரு," என்றார் அப்பா. "மொதல்ல எனக்கே ஒத்துக்க முடியலே. பாலம் வர்றதுக்கு முன்னாடி படகை எதுக்குக் கவுத்தான்? அப்புறம் யோசிச்சேன். அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும், விட்டுட்டுப் போயிருப்பான். எனக்குத்தான் வேற மாதிரி ஞாபகம். நாம பார்த்ததா நெனைக்கறதெல்லாம் நடந்ததா என்ன?"

நேரில் நின்று, தன் கையால் எடுத்த படத்தை, தன் கண்ணால் பார்த்ததை, மனுஷன் தானே பொய்யாக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பொருந்தாத இடத்தில் ஒரு காரணத்தை வைத்து அடைத்திருக்கிறார். ஒரு கணம் அவளுக்கு இன்னொரு நினைப்பும் ஓடியது, மறைப்பானேன். அந்த வார்த்தையைத் திரும்பச் சேர்த்துவிட்டால் எல்லாம் ஒத்துப்போகும். சனிக்கிழமை அவர் தடுமாறாமல் பேசுவார், கைதட்டல் விழும், இவள் தப்பு எவருக்கும் தெரியாது.

தரையில் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.

"அப்பா, நீங்க மொதல்ல சொன்னதுதான் சரி. தப்பு என்னுது."

அவருக்குப் புரியவில்லை. அவள் அவர் கையை இழுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து, நாலு விரலை நாலு பத்தி என்று தொட்டுக்காட்டிச் சொன்னாள். ஓட்டை எப்படி விழுந்தது, அதை அடைக்க ஒரு வார்த்தை எப்படிப் பின்னால் இருந்த படத்தை முன்னால் இழுத்தது, சாம்பல் பெட்டியில் அது எப்படித் தெரியாமல் போயிற்று, தான் கோப்பைத் திறந்துகூடப் பார்க்காதது, ஒன்று விடாமல். அம்மா இதற்குள் வந்து நின்று, அடிப்பாவி என்றாள் மெதுவாக. பத்து நாளாக இல்லை இல்லை என்று சொன்னது அம்மாவின் வாயும்தானே.

அப்பா கேட்டார்.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்லப்பா."

"நிச்சயமா?"

அவள் மடிக்கணினியை எடுத்தாள். மௌஸைத் தொடாமல் விசையைத் தட்டினாள். நீங்கள் சொல்லுங்கள், நான் ஒவ்வொன்றாகப் போகிறேன் என்றாள். குடை என்றார், சட்டம் குடையின் மேல் இருந்தது. கயிறு என்றார். பிள்ளைகள். அடுத்ததற்கு வாயைத் திறந்தவர் நின்றார். நெட்டுருப் போட்ட டேப் நாக்கு நுனியில் நின்றிருக்க வேண்டும். அதை விழுங்கிவிட்டு, ஆறு, முழுக்க அகலமாக என்றார். சட்டம் ஆற்றின் மேல் விழுந்தது. ஆமாப்பா என்றாள். அதற்கப்புறம் வேகமாகச் சொன்னார்.

தூணுக்கு வந்ததும் அவளே நிறுத்தி, பக்கத்தில் இரண்டு பத்தி காலியாகக் கிடக்கிறது, படத்தை வெட்டாமல் அதை அடைக்க வழியில்லை, உங்களுக்குச் சரியா என்று கேட்டாள். காலி என்றால் என்ன இருக்கும் என்றார். ஒன்றும் இருக்காது, வெறும் வெள்ளை என்றாள்.

தூண் எழும்பினபின் இரண்டு வருஷம் பத்திரிகை தன்னை வேறு பக்கம் அனுப்பிவிட்டது, அந்த இரண்டு வருஷத்துக்குத் தன்னிடம் ஒரு படம்கூடக் கிடையாது என்றார். திரும்பி வந்தபோது பாலம் நின்றுகொண்டிருந்ததாம். "இருக்கட்டும். அங்க எங்கிட்ட ஒண்ணும் இல்லே. இல்லேன்னே சொல்றேன்."

முப்பத்தொன்றும் முடிந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. அவர் போனைக் கேட்டு வாங்கி, பெரியவனைப் பிடித்துத் தரச் சொன்னார். சனிக்கிழமை தான் பேசப்போவதாகவும், நரம்பு டாக்டரைப் பார்க்க விருப்பம் இருந்தால் அவன் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லி வைத்தார். அம்மா முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்கப்புறம்தான் அவருக்குக் கோபம் வந்தது. சத்தமாக இல்லை. காலடியில் உட்கார்ந்திருந்தவளின் தலையைத் தேடிப் பிடித்து, கையை அங்கேயே வைத்துக்கொண்டார்.

"சின்னது, கண்ணு போனப்போகூட நான் பயப்படலே. இந்தப் பத்து நாள் பயந்தேன். ராத்திரி படுத்துக்கிட்டு உங்க அம்மா மூஞ்சி ஞாபகம் இருக்கா, உன் மூஞ்சி ஞாபகம் இருக்கான்னு ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன். இனிமே நான் சொல்றதும் உன் மெஷின் சொல்றதும் வேற வேறயா இருந்தா, மொதல்ல அதைத் திறந்து பாரு. என்னை அப்புறம் சந்தேகப்படு."

அவள் சரிப்பா என்றாள். அவர் கை தலையிலிருந்து நெற்றிக்கு இறங்கி, கண், மூக்கு, தாடை என்று மெதுவாகத் தடவிக்கொண்டே போயிற்று.